சுங்கை சிப்புட்டிலிருந்து திருச்சிக்கு ஒரு வாரம், ஏழு கிலோ கைப்பை மட்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏழு கிலோன்னா பையோட எடையும் சேர்த்தா? ரெண்டு பை கொண்டு போகலாம்னும் சொல்றாங்களே?

ஆமாம், பையின் எடையும் சேர்த்துத்தான். ரப்பர்த் தோட்டத்தில் மரப்பால் நிறுத்தவர்கள் வாளியின் எடையைக் கழித்துத்தான் கணக்கு எழுதுவார்கள். விமான நிறுவனத்தில் அந்தக் கழிவு கிடையாது. பை, அதன் சக்கரம், பூட்டு, உள்ளே இருக்கும் தண்ணீர்ப் புட்டி எல்லாமே ஏழு கிலோவுக்குள் அடங்க வேண்டும்.

திருச்சிக்கு நம் ஆட்கள் அதிகம் போகும் ஏர் ஏசியாவில் ஒருவர் இரண்டு பை கொண்டுபோகலாம். பெரியது 56 × 36 × 23 செண்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும், சிறியது 40 × 30 × 10 செண்டிமீட்டருக்குள். பலர் தவறாகப் புரிந்துகொள்வது இதற்கு அடுத்த வரியைத்தான்: இரண்டு பையும் சேர்ந்தே ஏழு கிலோ. பெரிய பைக்கு ஏழு, தோள் பைக்கு ஒரு மூன்று என்று கணக்குப் போட்டுக்கொண்டு போனால் முகப்பிலேயே மாட்டிக்கொள்வீர்கள். மற்ற நிறுவனங்களில் விதி சற்று மாறலாம். எதில் போகிறீர்களோ அந்த டிக்கெட்டில் உள்ளதைப் படித்துக்கொள்ளுங்கள்.

உடம்பில் போட்டிருப்பதை யாரும் நிறுப்பதில்லை. ஏழு கிலோவில் ஒரு வாரம் சமாளிக்க முடிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

வீட்ல பெட்டி நிறுக்கிற தராசு இல்ல. எப்படிப் பார்க்கிறது?

ஆள் ஏறி நிற்கும் தராசு போதும். முதலில் நீங்கள் மட்டும் ஏறுங்கள், பிறகு இரண்டு பையையும் தூக்கிக்கொண்டு ஏறுங்கள், வித்தியாசத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தராசை ஓடு பதித்த கெட்டியான தரையில் வையுங்கள். பாயின் மேலோ கம்பளத்தின் மேலோ வைத்தால் எண் தவறாகக் காட்டும். மூன்று தடவை நிறுத்து, வந்த எண்களில் பெரியதை நம்புங்கள். இப்படிப்பட்ட தராசு இருநூறு முன்னூறு கிராம் முன்னே பின்னே காட்டக்கூடும் என்பதால், வீட்டில் 6.5 கிலோ வந்தால்தான் முகப்பில் நிம்மதியாக நிற்கலாம்.

தனித்தனிப் பொருளுக்குச் சமையலறைத் தராசு. ஒரு சேலையையோ ஒரு ஜோடிச் சிலிப்பரையோ அதில் வைத்துப் பார்த்தால் பல பொருள்கள் தாமாகவே பட்டியலிலிருந்து விழுந்துவிடும்.

சக்கரம் வச்ச பெட்டியா, முதுகுப் பையா?

எடைக் கணக்கில் முதுகுப் பைதான். கைப்பெட்டி அளவிலுள்ள சக்கரப் பெட்டி வெறுமையாகவே இரண்டரையிலிருந்து மூன்று கிலோ இருக்கும். ஏழில் மூன்று போனால் மிச்சம் நான்கு. துணிப்பையாக இருக்கும் முதுகுப் பை 900 கிராமிலிருந்து ஒரு கிலோவுக்குள் கிடைக்கிறது. அந்த இரண்டு கிலோ வித்தியாசத்தில் ஒருவரின் வாரத் துணியில் பாதிக்கு மேல் அடங்கிவிடும்.

முதுகுவலி உள்ளவர்களுக்கும் வயதானவர்களுக்கும் சக்கரம் வேண்டும்தான். அப்படியானால் துணியால் செய்த, இரண்டு சக்கரம் மட்டுமே உள்ள பெட்டியைத் தேடுங்கள். இரண்டு கிலோவுக்கு உள்ளேயே சில கிடைக்கும். கெட்டி ஓடு போட்ட நான்கு சக்கரப் பெட்டிதான் எடையை அதிகம் தின்னும்.

அளவில் தோற்பது பெரும்பாலும் உயரத்தில் அல்ல, தடிமனில். துணிப்பையின் முன்பக்கப் பையில் கையில் கிடைத்ததையெல்லாம் திணித்தால் 23 செண்டிமீட்டர் 28 ஆகிவிடும். அளவுச் சட்டத்தில் அது இறங்காது. பெட்டியாக இருந்தால் சக்கரமும் கைப்பிடியும் அளவில் சேரும் என்பதை மறக்க வேண்டாம்.

ஒரு வாரத்துக்கு எத்தனை உடுப்பு வேணும்? சமயபுரம் போகணும், ஒரு கல்யாணமும் இருக்கு.

நாளுக்கு ஒன்று என்று எண்ணினால் ஏழு கிலோ பத்தாது. இரவில் துவைத்துக் காலையில் உடுத்தலாம் என்று எண்ணினால் தாராளம். எப்படி என்பதற்கு ஏழு இரவு தங்கும் ஓர் அம்மாவின் பையைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எடைகள் சராசரியானவை. உங்கள் துணியை நீங்களே நிறுத்துப் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

விமானத்தில் போகும்போது அவர் உடுத்தியிருப்பது ஒரு பருத்திச் சுடிதார், மேலே ஒரு ஸ்வெட்டர், காலில் நடக்க வசதியான கனத்த செருப்பு. விமானத்துக்குள் குளிரும் என்பதால் ஸ்வெட்டர் வீண் சுமை இல்லை. பையில் இருந்தால் அது 400 கிராம், உடம்பில் இருந்தால் சுழி.

பைக்குள் போவதில் முதலில் கல்யாணச் சேலை. ஒரு பட்டுச்சேலை ஏறத்தாழ 700 கிராம். கனமான சரிகை போட்டது ஒரு கிலோவைத் தொடும், ஆகவே இரண்டு பட்டுச்சேலை என்ற பேச்சுக்கே இடமில்லை. ரவிக்கையும் உள்பாவாடையும் சேர்ந்தால் 350. கோயிலுக்கு ஒரு மெல்லிய செயற்கை இழைச் சேலை, ரவிக்கையோடு 520. அந்த ஒரே உள்பாவாடை இரண்டு சேலைக்கும் பொதுவாக இருக்கும் நிறத்தில் இருக்கட்டும். கறுப்போ தவிட்டு நிறமோ கைகொடுக்கும். இன்னும் இரண்டு சுடிதார், 800. இரவு உடை ஒன்று, 250. உள்ளாடை நான்கு ஜோடி, 400. ஈரிழைத் துண்டு ஒன்று, 150. கோயில் வாசலில் கழற்றிப் போட ஒரு தட்டைச் சிலிப்பர், 250. துணியும் செருப்பும் சேர்த்து 3 கிலோ 420.

முதுகுப் பையும் சிறிய தோள் பையும் வெறுமையாக 1 கிலோ 50. குளியல் பொருள்கள் 600. கைப்பேசி, பவர் பேங்க், சார்ஜர், பிளக் மாற்றி எல்லாம் 550 அளவில். கடப்பிதழ், பணப்பை, கண்ணாடி 250. மொத்தம் 5 கிலோ 870. திரும்பி வரும்போது வாங்கியதை வைக்க ஒரு கிலோவுக்கு மேல் இடம் இருக்கிறது.

உடுத்தும் வரிசை இப்படிப் போகும். முதல் நாள் பயணச் சுடிதாரோடு போய் இறங்குகிறார், அன்றிரவே அதைத் துவைக்கிறார். அடுத்த இரண்டு நாளும் பையிலிருக்கும் இரண்டு சுடிதார். அதற்குள் பயணச் சுடிதார் காய்ந்து தயாராக இருக்கும். சமயபுரத்துக்கு மெல்லிய சேலை, கல்யாணத்துக்குப் பட்டு. பட்டு ஒரு தடவைதான், அதைத் துவைக்கும் வேலையே இல்லை. உள்ளாடையை மட்டும் தினமும் குளிக்கும்போதே அலசிவிட வேண்டும். இரண்டு நாள் சேர்த்து வைத்தால் கணக்குக் குலைந்துவிடும்.

சிறு எச்சரிக்கை ஒன்று. நிறங்களைப் பொருத்திக்கொள்ளுங்கள். மூன்று சுடிதாருக்கும் ஒரே துப்பட்டா ஒத்துப்போனால் இரண்டு துப்பட்டாவின் எடை குறையும்.

எந்தத் துணி ஒரே ராத்திரியில காயும்?

துணியின் பெயரைவிட அதன் தடிமனைப் பாருங்கள். மெல்லிய பாலியெஸ்டர், நைலான் ஆகியவை மின்விசிறிக்குக் கீழே காலைக்குள் காய்ந்துவிடும். கனத்த பருத்தி டீ சட்டை, ஜீன்ஸ், தேங்காய்ப்பூத் துண்டு மூன்றும் காயாது. பருத்தி இழை தண்ணீரைத் தனக்குள்ளேயே உறிஞ்சி வைத்துக்கொள்கிறது, செயற்கை இழையில் தண்ணீர் மேலே ஒட்டிக்கொண்டு மட்டுமே நிற்கிறது. மெல்லிய பருத்தி இரண்டுக்கும் நடுவில். வெயிலுக்கு அதுதான் சுகம் என்பதால் முழுக்க ஒதுக்கவும் வேண்டியதில்லை, அதற்கு இரண்டு இரவு கொடுத்தால் சரி.

போவதற்கு முன் வீட்டிலேயே சோதிக்கலாம். இரவு ஒன்பது மணிக்குத் துவைத்து, சன்னலைச் சாத்திவிட்டு, விசிறியை மட்டும் போட்டு உள்ளே தொங்கவிடுங்கள். காலை ஆறு மணிக்குக் கழுத்துப்பட்டி, அக்குள் தையல், இடுப்புப் பட்டி மூன்றையும் தொட்டுப் பாருங்கள். துணி மடிந்து தடித்திருக்கும் அந்த இடங்கள்தான் கடைசியில் காயும். சுங்கை சிப்புட்டின் ஈரக்காற்றில் காய்ந்தது திருச்சியின் வெயில் காலத்தில் நிச்சயம் காயும். ஐப்பசி, கார்த்திகையில் அங்கே வடகிழக்குப் பருவமழை பெய்யும்போது மட்டும் நம் ஊர் கணக்குத்தான்.

பிழிவதில்தான் பாதி வேலை இருக்கிறது. துவைத்த துணியைக் கையால் பிழிந்த பிறகு, காய்ந்த ஈரிழைத் துண்டை விரித்து அதன்மேல் பரப்புங்கள். இரண்டையும் சேர்த்துப் பாய் போலச் சுருட்டி, தரையில் வைத்து மிதியுங்கள். துணியில் தங்கியிருந்த ஈரத்தில் பெரும்பகுதி துண்டுக்கு வந்துவிடும். துண்டு மெல்லியது என்பதால் அதுவும் காலைக்குள் காயும். பட்டையும் சரிகையையும் மட்டும் இப்படி மிதிக்கக் கூடாது.

குளிர்சாதன அறையில் காயாது என்று சிலர் நினைக்கிறார்கள். உண்மையில் அந்த இயந்திரம் காற்றிலிருக்கும் ஈரத்தையும் இழுத்துவிடுவதால் நன்றாகவே காயும். குளியலறைக்குள் தொங்கவிடுவதுதான் தவறு. காற்றோட்டம் இல்லாமல் விடியும்போது ஒரு புளித்த வாடைதான் மிஞ்சும்.

ஆம்பளைங்களுக்கு?

இன்னும் எளிது. ஜீன்ஸையும் சப்பாத்தையும் உடுத்திக்கொண்டு ஏறிவிடுங்கள், இரண்டும் சேர்ந்து ஒன்றரைக் கிலோவுக்குக் குறையாது. பையில் மெல்லிய காற்சட்டை ஒன்று, சட்டை மூன்று, கைலி ஒன்று, கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் ஒரே வேட்டி. எட்டு முழ வேட்டிக்குப் பதில் நாலு முழம் எடுத்தால் எடை ஏறக்குறைய பாதி. ஒட்டுவேட்டி இடுப்பில் நிற்கும், பெல்ட்டும் தேவையில்லை.

ஷாம்பு, எண்ணெய், பேஸ்ட் எவ்வளவு கொண்டு போகலாம்?

நாட்டை விட்டு வெளியே போகும் விமானங்களில் கைப்பையில் திரவம் ஒவ்வொன்றும் 100 மில்லிலிட்டருக்கு மேற்படாத புட்டியில் இருக்க வேண்டும். எல்லாப் புட்டிகளும் ஒரு லிட்டர் கொள்ளும், ஒளி ஊடுருவும் ஜிப் பிளாஸ்டிக் பை ஒன்றுக்குள் அடங்க வேண்டும். ஏறத்தாழ 20 × 20 செண்டிமீட்டர் அளவு பை அது. ஆளுக்கு ஒன்றுதான்.

கவனிக்க வேண்டியது புட்டியின் கொள்ளளவை, உள்ளே மிச்சமிருப்பதை அல்ல. 150 மில்லி பேஸ்ட் குழாய் பாதிக்கு மேல் தீர்ந்திருந்தாலும் குப்பைத்தொட்டிக்குத்தான் போகும். சோதனை செய்பவர் புட்டியில் அச்சிட்ட எண்ணைப் பார்த்து முடிவெடுக்கிறார், உள்ளே அளந்து பார்க்க அவருக்கு வழியில்லை. எண் அச்சிடாத புட்டியும் சந்தேகத்துக்கு இடமாகும்.

பேஸ்ட், ஜெல், முகப்பூச்சு, கண்மை, தெளிப்பான், ஊறுகாய், நெய் எல்லாம் திரவக் கணக்கிலேயே சேரும். தேங்காய் எண்ணெயும் அப்படித்தான். குளிரில் உறைந்து கட்டியாக இருக்கிறதே என்று வாதாடிப் பயனில்லை, 24 டிகிரிக்கு மேல் அது மறுபடி உருகிவிடும்.

ஒரு லிட்டர் பையில் 100 மில்லி புட்டி பத்து என்பது கணக்குத்தான். உருண்டைப் புட்டிகளுக்கு நடுவில் இடம் வீணாவதால் ஆறு ஏழுக்கு மேல் வைத்து ஜிப்பை மூட முடியாது. அவ்வளவு தேவையும் இல்லை. காலை, மாலை பல் துலக்க ஒரு தடவைக்கு ஒரு கிராம் பேஸ்ட், ஏழு நாளுக்கு 15 கிராம் போதும், ஆகவே சிறிய 40 கிராம் குழாய் இரண்டு பேருக்கே காணும். நீண்ட கூந்தலுக்கு ஒரு தடவை 20 மில்லி ஷாம்பு, வாரத்தில் மூன்று தடவை தலைக்கு ஊற்றினால் 60 மில்லி. எண்ணெய் 30 மில்லி. முகத்துக்கும் கைக்கும் பூசுவது ஒரு சிறிய டப்பி. இவ்வளவுதான் பையில் இருக்க வேண்டும்.

திரவமாக இருக்க வேண்டிய அவசியமில்லாததைக் கட்டியாக எடுத்துக்கொள்ளுங்கள். உடம்பு கழுவும் ஜெல்லுக்குப் பதில் சவர்க்காரக் கட்டி. பாதியாக வெட்டிக் காயவிட்டு எடுத்துப்போனால் 50 கிராமுக்குள். துணி அலசவும் அதுவே போதும். சவரம் செய்தபின் பூச வாசனைத் திரவத்துக்குப் பதில் படிகாரக் கட்டி, அக்குளுக்கும் ஈரம் தொட்டு அதையே தடவலாம். விபூதியும் குங்குமமும் காய்ந்த தூள் என்பதால் ஜிப் பைக்குள் இருக்க வேண்டியதில்லை, சிறிய டப்பியில் போதும். பெரிய பொட்டலமாக இருந்தால் பையைப் பிரித்துப் பார்ப்பார்கள், அவ்வளவு விபூதி யாருக்குத் தேவை?

சவர அலகில் தலை மாற்றும் வகையைக் கொண்டுபோகலாம். தனியாகக் கழற்றிப் போடும் பிளேடு வேண்டாம், இறங்கியபின் வாங்கிக்கொள்ளுங்கள்.

புட்டி எப்பவும் ஒழுகுது. ஏன்?

உயரே போகும்போது விமானத்துக்குள் காற்றழுத்தம் குறைகிறது. தரையில் மூடிய புட்டிக்குள் இருக்கும் காற்று நாலில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை பெருத்து, வெளியேற வழி தேடி, வழியில் இருக்கும் ஷாம்பையும் தள்ளிக்கொண்டு வருகிறது. மேல்மூடி தளர்ந்திருந்தால் கதை முடிந்தது.

மெல்லிய, அமுக்கினால் குழியும் புட்டியைத் தேர்ந்தெடுங்கள். முக்கால் அளவு ஊற்றி, பக்கங்களைச் சற்று அமுக்கிக் காற்றை வெளியேற்றி, அமுக்கிய நிலையிலேயே மூடுங்கள். இப்போது காற்று பெருத்தாலும் குழிந்த பக்கம் நிமிர்ந்து இடம் கொடுக்கும். மூடும்போது வாயின் மேல் சிறிய பிளாஸ்டிக் தாளை வைத்துத் திருகினால் இன்னும் நல்லது. கெட்டியான கண்ணாடிப் புட்டிக்கு இந்த வித்தை பலிக்காது.

அங்கே போய் எதை வாங்கினா மிச்சம்?

ஷாம்புதான் முதலில். தமிழ்நாட்டில் பெட்டிக்கடை தவறாமல் சிறிய பொட்டலங்களில் தொங்கும், தலைக்கு ஒரு தடவைக்கு ஒன்றிரண்டு போதும். எண்ணெய், பேஸ்ட், சவர்க்காரம், துணி துவைக்கும் தூள் எதுவும் அங்கே எளிதில் கிடைக்கும். ஆகவே ஜிப் பையில் முதல் இரவுக்குத் தேவையானது இருந்தாலே போதும். ஒவ்வாமை காரணமாகக் குறிப்பிட்ட வகையை மட்டும் பயன்படுத்துகிறவர்கள் தம்முடையதைக் கொண்டுபோக வேண்டும்.

பிளக் மாற்றியை மட்டும் இங்கேயே வாங்கிவிடுங்கள். நம்முடையது மூன்று சதுரக் கால், அங்கே உருண்டைக் கால். மின்னழுத்தம் ஒன்றுதான்.

தைலம், மாத்திரை, இன்சுலின்?

தைலமும் வலி நிவாரணப் பூச்சும் ஜிப் பைக்குள். மாத்திரையைப் பிரிக்காமல் அட்டையிலேயே கொண்டுபோங்கள், மருத்துவர் சீட்டு ஒன்று கூடவே இருக்கட்டும். இன்சுலினையும் தேவையான மருந்துத் திரவத்தையும் 100 மில்லி விதியில் தளர்வு கேட்டுக் காட்டலாம், அதற்கும் சீட்டு வேண்டும். எந்தச் சூழ்நிலையிலும் இன்சுலினை விமானத்தின் அடிப்பகுதிச் சரக்கில் விடக் கூடாது, அங்கே உறைந்துபோக வாய்ப்பு உண்டு.

பவர் பேங்க் எந்த அளவு சரி?

கையிலேயே இருக்க வேண்டிய பொருள் இது, சரக்கில் போடவே கூடாது. 100 வாட் மணிக்கு உட்பட்டதை அனுமதி கேட்காமல் கொண்டுபோகலாம். 20,000 mAh என்று அச்சிட்டது ஏறத்தாழ 74 வாட் மணி, அது சரிதான். ஆனால் எடை 400 கிராமைத் தொடும். ஒரு வாரப் பயணத்துக்கு 10,000 போதும், அதன் எடை பாதி. எண் அழிந்துபோன பழையதைச் சோதனையில் பிடுங்கிவிடக்கூடும். விமானத்தில் தலைக்கு மேலிருக்கும் பெட்டிக்குள் வைக்காமல் உங்கள் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாலு பேர் போறோம். ஒருத்தர் பையில ஒன்பது கிலோ, இன்னொருத்தர் பையில அஞ்சு இருந்தா சமன் பண்ணிக்க மாட்டாங்களா?

ஏழு கிலோ ஆளுக்கு. நிறுப்பவர் ஒருவருடைய பையைத்தான் நிறுப்பார், குடும்பத்தை அல்ல. வீட்டிலேயே சமப்படுத்துங்கள்.

நான்கு பேரில் ஒருவர் மட்டும் பெட்டியைச் சரக்கில் போட்டாலும் நான்கு பேருமே பெல்ட் அருகில் நின்றாக வேண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ஏறுகிற வாசல்ல பை பெரிசுன்னு வாங்கி வச்சுக்கிட்டா?

பைக்கு ஒட்டு போட்டு சரக்கில் அனுப்பிவிடுவார்கள். முன்கூட்டி வாங்கியதைவிடக் கட்டணம் அதிகம், அதைவிட எரிச்சல் என்னவென்றால் இறங்கியபின் நீங்களும் பெல்ட் அருகில் நிற்க வேண்டியதாகிவிடும். கொடுப்பதற்கு முன் பவர் பேங்க், கடப்பிதழ், மருந்து, பணம், நகை ஐந்தையும் வெளியே எடுங்கள். இவற்றை எப்போதும் சிறிய தோள் பையில் வைத்திருந்தால் அந்த அவசரத்தில் பையைத் தரையில் கொட்டித் தேட வேண்டியதில்லை.

திரும்பும்போது சேலை, முறுக்கு எல்லாம் வாங்குவோமே. அப்போ?

மேலே சொன்ன பையில் ஒரு கிலோவுக்கு மேல் இடம் இருக்கிறது. ஒரு சேலையும் அரைக் கிலோ முறுக்கும் வைத்தால் நிரம்பிவிடும். அதற்கு மேல் வாங்குவோம் என்று தெரிந்தால், போகும் வழிக்கு மட்டும் கைப்பையோடு போய், திரும்பும் வழிக்கு மட்டும் சரக்கு எடை வாங்குங்கள். டிக்கெட் எடுக்கும்போதே ஒரு வழிக்கு மட்டும் சேர்க்க முடியும். துணி வாங்கத்தான் போகிறோம் என்றால் கைப்பை மட்டும் என்ற பிடிவாதத்தை விட்டுவிடுவதே நல்லது.

இந்திய விமான நிலையங்களில் ஆளுக்கு ஒரு கைப்பை என்ற விதி பொதுவாக உண்டு. பெண்களின் சிறிய தோள் பை, மடிக்கணினிப் பை போன்றவை தனி. ஆகவே இரண்டாவது பை தோள் பை போலவே தெரியட்டும், துணிக்கடைப் பிளாஸ்டிக் பைகளைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு போகாதீர்கள். சேலையைக் கடை அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்து உள்ளே மடித்து வைத்தால் இடமும் எடையும் மிச்சம்.

கோயிலிலிருந்து திரும்புகிறவர்கள் மாட்டிக்கொள்வது இரண்டு பொருளில். சூடம் எளிதில் தீப்பற்றும், ஆகவே எந்தப் பையிலும் கூடாது. காய்ந்த தேங்காய், அதாவது கொப்பரை, எண்ணெய் நிறைந்தது, தானே சூடேறிப் பற்றிக்கொள்ளும் பொருள்களின் பட்டியலில் இருப்பது, அதுவும் கூடாது. அர்ச்சனைத் தேங்காயை அங்கேயே உறவினர் வீட்டில் கொடுத்துவிட்டு வாருங்கள். தீப்பெட்டியும் லைட்டரும் இந்தியச் சோதனையில் போய்விடும். நெய், ஊறுகாய், தேன் 100 மில்லிக்கு மேல் இருந்தால் சரக்கில்தான். முறுக்கு, அதிரசம், அப்பளம் போன்ற காய்ந்த பலகாரம் கைப்பையில் வரலாம். அல்வாவைப் பார்த்தால் சில அதிகாரிகள் ஜெல் என்று சொல்லக்கூடும்.

இவ்வளவு கஷ்டப்பட்டு உண்மையில எவ்வளவு நேரம் மிச்சம்?

கோலாலம்பூர் விமான நிலையத்தில் குடிநுழைவைத் தாண்டியபின் பெட்டி வரும்வரை இருபது நிமிடமோ ஐம்பது நிமிடமோ நிற்க நேரிடும். விமானம் நிரம்பியிருக்கிறதா, ஒரே சமயத்தில் எத்தனை விமானம் இறங்கியிருக்கிறது என்பதைப் பொறுத்தது அது. கோலாலம்பூரில் குடியிருப்பவருக்கு அது பெரிதல்ல. நமக்கு அங்கிருந்து கேஎல் சென்ட்ரல் போய், சுங்கை சிப்புட்டுக்கு இடிஎஸ் பிடித்து ஏறத்தாழ மூன்று மணி நேரம் உட்கார வேண்டும். மாலையில் இறங்கினால் பெட்டிக்காக நிற்கும் அந்த நேரத்தில் ஒரு ரயிலே போய்விடும், கடைசி ரயிலாக இருந்தால் இரவை கோலாலம்பூரில்தான் கழிக்க வேண்டும். ஈப்போ அமான் ஜெயாவுக்குப் பேருந்து பிடிப்பவர்களுக்கும் இதே கணக்குத்தான்.

போகும்போதும் ஒரு பலன் உண்டு. சரக்குப் பெட்டி போட வரிசையில் நிற்க வேண்டியதில்லை. முன்கூட்டியே இணையத்தில் இருக்கையை உறுதி செய்துகொண்டால் நேராகச் சோதனைக்குப் போகலாம். இந்தியப் பயணத்துக்கு விசாவைச் சரிபார்க்க முகப்புக்கு அனுப்பினால் பையையும் அங்கேயே நிறுப்பார்கள், ஆகவே வீட்டில் நிறுத்த பிறகு வழியில் வாங்கிய தண்ணீர்ப் புட்டியையும் பலகாரத்தையும் அங்கே போவதற்கு முன் தீர்த்துவிடுங்கள்.